புகைப்பட அட்டவணையில் விடுபட்ட மதிப்பு: வகுத்த வேறுபாட்டுக் கணக்கு தவறினால் எங்கே பார்ப்பது

கையேட்டின் ஒரு பக்கத்தைக் கைபேசியில் படம் எடுத்திருக்கிறீர்கள். நீரின் அடர்த்தி அட்டவணை. 0 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை பத்துப் பத்து டிகிரியாக ஏழு வரிகள். டியூப்லைட் வெளிச்சம் வழவழப்பான தாளில் பட்டு 30, 50 என்ற இரண்டு வரிகளை வெளுக்கடித்துவிட்டது. சென்னையில் ஆய்வகக் குழாயில் வரும் தண்ணீர் பெரும்பாலும் 30 டிகிரியை ஒட்டியே இருக்கும். ஸ்பெசிஃபிக் கிராவிட்டி பாட்டிலின் கொள்ளளவைச் சரிபார்க்க உட்காருபவருக்கு வேண்டிய வரியே அதுதான்.

மிஞ்சியவை 0, 10, 20, 40, 60. இடைவெளிகள் சமமாக இல்லை. அதனால் முன்நோக்கு வேறுபாட்டுச் சூத்திரம் இங்கே செல்லாது. நியூட்டனின் வகுத்த வேறுபாட்டு முறைதான் வழி. விடை தவறாக வரும்போது முதலில் வேண்டியது, சரியான அட்டவணை எப்படி இருக்கும் என்ற தெளிவு. அதைப் பார்த்துவிட்டு அறிகுறிகளுக்குப் போவோம்.

சரியான கணக்கு

அடர்த்தி, ஒரு கன மீட்டருக்குக் கிலோகிராம் அளவில்:

```
x     f        1-ம்      2-ம்         3-ம்         4-ம்
0   999.84
             -0.0140
10  999.70            -0.0067500
             -0.1490              0.00004333
20  998.21            -0.0050167             -0.0000003125
             -0.2995              0.00002458
40  992.22            -0.0037875
             -0.4510
60  983.20
```

முதல் நிரலில் ஒவ்வோர் எண்ணும் அடுத்தடுத்த இரண்டு f மதிப்புகளின் வேறுபாட்டை அந்த இரண்டு x-களின் வேறுபாட்டால் வகுத்தது. இரண்டாம் நிரலில் மேலே இருப்பது (−0.149 + 0.014) / (20 − 0). வகுக்கும் எண் 20 என்பதைக் கவனியுங்கள். அந்த உறுப்பு மூன்று புள்ளிகளைத் தொடுகிறது, அதனால் முதல் புள்ளிக்கும் மூன்றாம் புள்ளிக்கும் உள்ள முழுத் தூரத்தால் வகுக்க வேண்டும். மூன்றாம் நிரலில் 40, 50 ஆலும், நான்காவதில் 60 ஆலும் வகுக்கிறோம்.

ஒவ்வொரு நிரலின் மேல்முனை எண்ணும் பல்லுறுப்புக் கோவையின் கெழு:

```
P(x) = 999.84 - 0.014 x - 0.00675 x(x-10)
     + 0.00004333 x(x-10)(x-20)
     - 0.0000003125 x(x-10)(x-20)(x-40)
```

x = 30 என்று போட்டால் உறுப்புகள் வரிசையாக 999.84, −0.42, −4.05, +0.26, +0.01875. கூட்டினால் 995.649. அச்சிட்ட அட்டவணைகளில் 30 டிகிரிக்கு இருக்கும் மதிப்பு 995.65.

இதில் மனத்தில் வைக்க வேண்டியது ஒன்று. முதல் நிரலில் எண்கள் −0.014, −0.149, −0.2995, −0.451 என்று ஒரே திசையில் இறங்குகின்றன. சூடாக்கச் சூடாக்கத் தண்ணீர் விரியும் வேகமும் கூடுகிறது. நிரல் அதையே சொல்கிறது. இரண்டாம் நிரல் முழுவதும் எதிர்க்குறி, மூன்றாம் நிரல் முழுவதும் நேர்க்குறி. இந்த ஒழுங்கு குலைந்தால் தவறு இருக்கிறது என்று பொருள். எப்படிக் குலைகிறது என்பதை வைத்து எங்கே தவறு என்று சொல்லிவிடலாம்.

அறிகுறி: நிரல்களில் குறிகள் மாறி மாறி வருகின்றன, விடை பக்கத்து மதிப்பையும் தாண்டிப் போகிறது

மிக அதிகமாக நேர்வது இதுதான்; காரணம் ஒரே ஓர் இலக்கத்தைத் தவறாகப் படித்தது. வெளிச்சம் 8-ன் இடப்பக்கக் கோடுகளை அழித்துவிட்டால் அது 3 போலத் தெரியும். 998.21 என்பதை 993.21 என்று எடுத்துக்கொண்டதாக வைப்போம். அட்டவணை இப்படி மாறும்:

```
1-ம்:  -0.0140    -0.6490    -0.0495    -0.4510
2-ம்:  -0.03175    0.01998   -0.01004
3-ம்:   0.0012933  -0.0006004
4-ம்:  -0.0000315625
```

முதல் நிரல் ஒரு பாய்ச்சல் பாய்ந்து, பின்வாங்கி, மறுபடி பாய்கிறது. இரண்டாம் நிரலில் எதிர், நேர், எதிர். P(30) = 990.02 என்று வருகிறது. 40 டிகிரியிலேயே 992.22 தான் என்றால் 30 டிகிரியில் அதைவிடக் குறைவாக இருக்க முடியாது. இந்த மதிப்பை அப்படியே எடுத்து 50 மில்லிலிட்டர் பாட்டிலின் கொள்ளளவைக் கணித்தால் ஏறத்தாழ 0.28 மில்லிலிட்டர் கூடுதலாகக் காட்டும்.

தவறு எந்த வரியில் என்று கண்டுபிடிக்க ஊகம் வேண்டாம், கணக்கே சொல்லும். ஒரு புள்ளியில் e அளவு பிழை இருந்தால், கடைசி நிரலில் அது e-ஐ ஒரு பெருக்கலால் வகுத்த அளவுக்குத் தெரியும். அந்தப் பெருக்கல், அந்த x-லிருந்து மற்ற x-களைத் தனித்தனியே கழித்து எல்லாவற்றையும் பெருக்குவது. 20-க்கு: (20−0)(20−10)(20−40)(20−60) = 160000. இதே மாதிரி 0-க்கு 480000, 10-க்கு −150000, 40-க்கு −480000, 60-க்கு 2400000.

சரியான அட்டவணையில் கடைசி நிரல் கிட்டத்தட்டச் சுழிதான். எனவே இப்போது வந்திருக்கும் −0.0000315625 முழுவதும் பிழையால் வந்தது என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பெருக்கலாலும் பெருக்கிப் பாருங்கள். குற்றவாளி இந்த வரியானால் பிழை இவ்வளவு என்று ஒரு பட்டியல் கிடைக்கும்:

```
x = 0    e = -15.15
x = 10   e = +4.73
x = 20   e = -5.05
x = 40   e = +15.15
x = 60   e = -75.75
```

இப்போது படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொன்றாக நீக்குங்கள். 0 டிகிரி வரி 15 குறைவாகப் படிக்கப்பட்டிருந்தால் உண்மை மதிப்பு 1014.99 ஆகியிருக்க வேண்டும். நீருக்கு அது நடக்காது. 60-க்கு 1058.95, அதுவும் நடக்காது. 40-க்கு 977.07 என்று வருகிறது. இது 60 டிகிரி மதிப்பைவிடவும் குறைவு. 10-க்கு 994.97 என்றால் 999.70-ல் மூன்று இலக்கங்கள் ஒரே நேரத்தில் தவறாகப் படிக்கப்பட்டிருக்க வேண்டும். மிஞ்சுவது 20. அங்கே பிழை −5.05, அதாவது ஏறத்தாழ 5. ஒன்றின் இடத்தில் 3 இருக்கிறது; 3-க்கும் 8-க்கும் வித்தியாசம் சரியாக 5. படத்தில் அந்த இலக்கத்தைப் பார்த்தால் இடப்பக்கத்தில் மங்கிய கோடு தெரியும்.

மிச்சமிருக்கும் 0.05 என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அது உண்மையான நான்காம் வேறுபாட்டின் பங்கு: 0.0000003125 × 160000 = 0.05. அதனால்தான் இந்தச் சோதனையில் கிடைக்கும் e-ஐ அப்படியே கூட்டி 998.26 என்று திருத்திவிடக் கூடாது. e எந்த வரி, எந்த இலக்கம் என்று காட்டும் விரல் மட்டுமே. திருத்தம் படத்தில் உள்ள இலக்கத்தைப் பார்த்துத்தான் நடக்க வேண்டும்.

படத்தை வாட்ஸ்அப்பில் வாங்கியிருந்தால் அனுப்பியவரிடம் அதையே டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பும்போது படம் சுருக்கப்பட்டு 5-ம் 6-ம், 0-ம் 8-ம் ஒன்றுபோல ஆகிவிடும். பெரிதாக்கிப் பார்த்தும் பயன் இருக்காது.

அறிகுறி: முதல் நிரல் ஒரே இடத்தில் மட்டும் திரும்புகிறது, எந்த இலக்கத்தை மாற்றினாலும் சரியாகவில்லை

இது x பக்கத்துத் தவறு. தடிப் புத்தகத்தின் பக்கம் முதுகுப் பக்கமாக வளைந்திருக்கும். படத்தில் வரிகள் சாய்ந்து, இடது நிரலின் 30-க்கு நேரே வலது நிரலின் 992.22 வந்து நிற்கும். அந்த மதிப்பு 40-க்கு உரியது. அப்படி எடுத்துக்கொண்டால் புள்ளிகள் 0, 10, 20, 30, 60 ஆகி, முதல் நிரல் −0.014, −0.149, −0.599, −0.301 என்று வரும். ஏறிக்கொண்டே வந்த சரிவு ஒருமுறை எகிறி, பிறகு பாதியாகிறது.

முன் சொன்ன சோதனையை இங்கே செய்தால் நான்காம் நிரல் 0.00001874. 30-க்கான பெருக்கல் 30·20·10·(−30) = −180000. எனவே e = −3.37, அதாவது 992.22 இருக்கும் இடத்தில் 995.59 இருந்திருக்க வேண்டும். இவை இரண்டும் ஓர் இலக்கத்தில் வேறுபடுபவை அல்ல. அது தெரிந்ததும் இலக்கத்தை விட்டுவிட்டு வரியைப் பாருங்கள். படத்தின் மேல் ஒரு நேர்கோட்டை வைத்து, பக்கத்தின் தலைப்பு வரிக்கு இணையாகச் சாய்த்து, ஒவ்வொரு x-ம் எந்த மதிப்பில் போய் முட்டுகிறது என்று பார்த்தால் போதும். இரண்டு வரிகள் வெளுத்துப்போன அட்டவணையில் எண்ணிக்கையும் உதவும்: இடது நிரலில் ஏழு, வலது நிரலில் படிக்கக் கிடைப்பவை ஐந்து.

அறிகுறி: நிரல்கள் ஒழுங்காக இருக்கின்றன, ஆனால் P(x) கொடுத்த புள்ளியையே திருப்பித் தரவில்லை

படிப்பில் தவறு இல்லை, கணக்கில் தவறு. விடையைக் கணக்கிடும் முன் இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள்; ஐந்து நிமிடம்கூட ஆகாது. கோவையில் x = 0 போட்டால் முதல் உறுப்பு தவிர மற்றவை எல்லாம் சுழி. x = 10 போட்டால் இரண்டு உறுப்புகள்தான் மிஞ்சும், 20 போட்டால் மூன்று. எனவே எந்தப் புள்ளியில் முதல்முறை தவறுகிறதோ, அந்த நிரலின் கெழுதான் தவறு.

எடுத்துக்காட்டாக, P(10) = 999.84 − 0.14 = 999.70 என்று சரியாக வந்து, P(20) = 996.86 என்று வந்தால் இரண்டாம் நிரலில் பாருங்கள். −0.135-ஐ 20-ஆல் வகுக்காமல், பக்கத்து இடைவெளியான 10-ஆல் வகுத்து −0.0135 என்று எழுதியிருப்பீர்கள். முன்நோக்கு வேறுபாட்டுப் பழக்கம் கையில் ஒட்டிக்கொண்டிருப்பதால் வரும் தவறு இது. சரியான கெழு −0.00675 போட்டால் 999.84 − 0.28 − 1.35 = 998.21.

எல்லாப் புள்ளிகளும் சரியாக வருகின்றன, ஆனால் P(30) மட்டும் 995.61 என்கிறதா? கடைசி உறுப்பில் (30 − 40) எதிர்க்குறி. கெழுவும் எதிர்க்குறி. இரண்டும் சேர்ந்து +0.01875 ஆக வேண்டும், −0.01875 என்று எழுதிவிட்டீர்கள்.

அறிகுறி: 995.34 என்று விடை வருகிறது

இவ்வளவு குறிப்பாகச் சொல்லக் காரணம் உண்டு. நான்கு தசம இடத்துக்குச் சுருக்கி எழுதும் பழக்கம் தேர்வு எழுதிப் பழகிய எல்லோருக்கும் இருக்கும். அப்படிச் செய்தால் −0.00675 என்பது −0.0068 ஆகும்; 0.00004333 என்பது 0.0000 ஆகிவிடும், நான்காவதும் அப்படியே. மிஞ்சுவது 999.84 − 0.42 − 4.08 = 995.34. கெழு சிறியதாகத் தெரிந்தாலும் அதோடு பெருக்கப்படும் 30 × 20 × 10 = 6000 பெரியது. 0.26 அப்படித்தான் காணாமல் போகிறது.

எத்தனை தசம இடம் என்று எண்ணாமல், ஒவ்வொரு கெழுவிலும் சுழி அல்லாத முதல் இலக்கத்திலிருந்து குறைந்தது நான்கு இலக்கங்கள் இருக்குமாறு எழுதுங்கள். கால்குலேட்டரில் செய்பவர்களுக்கு இன்னொரு வசதி: எல்லா மதிப்புகளிலிருந்தும் 1000-ஐக் கழித்து −0.16, −0.30, −1.79, −7.78, −16.80 என்று வைத்துக்கொள்ளுங்கள். வேறுபாடுகள் எதுவும் மாறாது. தட்ட வேண்டிய இலக்கங்கள் குறையும். கடைசியில் 1000-ஐக் கூட்டிவிடலாம்.

அறிகுறி: நிரலில் 99.82 போன்ற ஒட்டாத எண் வருகிறது

இது பைத்தானில் ஒரே பட்டியலை மேலெழுதிச் செய்பவர்களுக்கு. உள்சுற்று முன்னிருந்து பின்னாக ஓடினால், c[1] மாற்றப்பட்ட பிறகு அதே c[1]-ஐ c[2] எடுத்துக்கொள்ளும்: (998.21 + 0.014) / 10 = 99.8224. பின்னிருந்து ஓட வேண்டும்.

```python
x = [0, 10, 20, 40, 60]
c = [999.84, 999.70, 998.21, 992.22, 983.20]
n = len(x)
for k in range(1, n):
    for i in range(n - 1, k - 1, -1):
        c[i] = (c[i] - c[i-1]) / (x[i] - x[i-k])
p = c[-1]
for i in range(n - 2, -1, -1):
    p = p * (30 - x[i]) + c[i]
print(round(p, 3))   # 995.649
```

அறிகுறி: எல்லாம் சரியாக இருக்கிறது, விடையை எவ்வளவு நம்புவது என்று தெரியவில்லை

இதற்குப் புள்ளிகளின் வரிசையை மாற்றி மறுபடி செய்வது நல்லது. 30-க்கு அருகில் இருப்பவற்றை முதலில் வையுங்கள்: 20, 40, 10, 60, 0. வகுத்த வேறுபாட்டுக்கு வரிசை ஒரு பொருட்டே இல்லை; இறுதி விடை மாறாது, மாறினால் கணக்கில் பிழை. ஆனால் இடையில் வரும் மதிப்புகள் இப்போது பேசத் தொடங்கும். இரண்டு புள்ளிகளில் 995.215, மூன்றில் 995.717, நான்கில் 995.668, ஐந்தில் 995.649. திருத்தங்கள் 0.50, 0.05, 0.02 என்று சுருங்குகின்றன. முன் வரிசையில் 999.42-லிருந்து 995.37-க்குக் குதித்ததை வைத்து இப்படி எதுவும் சொல்ல முடியாது.

அட்டவணை மதிப்புகளே இரண்டு தசம இடத்துக்குச் சுருக்கப்பட்டவை. ஒவ்வொன்றிலும் 0.005 வரை பிழை இருக்கலாம். அந்தப் பிழைகளின் விளைவுகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து கைகோத்தால் P(30)-ல் அதிகபட்சம் 0.011 அசையும். ஆகவே 995.65 என்று எழுதலாம், 995.649 என்று மூன்றாம் தசம இடத்தைக் காட்டுவது நியாயமில்லை.

வெளுத்துப்போன இன்னொரு வரியான 50-க்கு இதே கோவை 988.05 தருகிறது. கையேடுகளில் இருப்பது 988.04-ஐ ஒட்டிய மதிப்பு. இங்கே சுருக்கல் பிழை 0.02 வரை போகும், 30-ல் ஆனதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. 50-க்கு மேலே ஒரே ஒரு புள்ளிதான் இருக்கிறது. பல்லுறுப்புக் கோவை ஓரங்களில் தளர்வாகவே நிற்கும்.

ஓரத்தையும் தாண்டினால் நிலைமை வேறு. இதே கோவையில் x = 100 போட்டால் 955.39 வரும், கொதிநிலையில் நீரின் அடர்த்தி ஏறத்தாழ 958.4. நான்காம் கெழு 100 × 90 × 80 × 60 என்ற எண்ணால் பெருக்கப்படுகிறது. மூலத் தரவில் இருந்த 0.005 அளவுச் சுருக்கல் மட்டுமே அந்த உறுப்பை ஏறத்தாழ 3.8 வரை அசைத்துவிடும். படத்தில் 60 டிகிரி வரிக்குக் கீழே வெட்டுப்பட்டுப் போன வரிகள் வேண்டுமென்றால் அந்தப் பக்கத்தை மறுபடி படம் எடுப்பதைத் தவிர வழியில்லை. அப்போது ஃப்ளாஷை அணைத்துவிட்டு, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுமாறு புத்தகத்தைத் திருப்பி வைத்து எடுத்தால் 30-ம் 50-ம் நேரடியாகவே படிக்கக் கிடைக்கும்.